தாலி கட்டு ஒரு தடவைதான்

தீவகத்துக் கலியாண வீடுகளில் வீடியோ எடுக்கும் இளைஞர்கள் அந்தக் காசையும் கைப்பழக்கத்தையும் கொண்டு சொந்த யூரியூப் சனலை வளர்க்க முடியுமா? முடியும். அதற்கு ஒரு கணக்கும் ஒரு கட்டுப்பாடும் வேண்டும்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்கு நிற்கும் கூட்டத்தில் வீடியோக்காரரை இனங்காண்பது சுலபம். மற்றவர்கள் அரிசி மூடையையும் மரக்கறிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டிருக்க, அவர் பொலித்தீன் சுற்றிய பையை மார்போடு அணைத்தபடி, உப்புத் தண்ணீர் தெறிக்காத இடம் பார்த்து உட்காருவார். நெடுந்தீவுக்குப் போக ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சோளகக் காற்று பலமாக வீசும் நாளென்றால் அந்த ஒரு மணித்தியாலமும் பையைக் காப்பாற்றுவதிலேயே கழியும்.

அந்தப் பையோடு போகிறவர்களில் பலருக்கு இன்று சொந்தமாக ஒரு யூரியூப் சனல் இருக்கிறது, அல்லது தொடங்கும் எண்ணம் இருக்கிறது. கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள், குடிபூரல், கோயில் தேர் என்று கிடைக்கும் வேலையைச் செய்து கமெராவுக்குக் காசு சேர்க்கிறார்கள். தீவகத்தில் இந்தத் தொழிலுக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறை என்று எந்த ஊரை எடுத்தாலும், அந்த ஊர்க் குடும்பங்களில் ஒரு பகுதி கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் இலண்டனிலும் இருக்கிறது. ஊரில் நடக்கும் சடங்கை அவர்கள் பார்க்க வேண்டும். முன்பு வீடியோ கசெட்டாகப் போனது இப்போது நேரலையாகப் போகிறது. ஆகவே இங்கே வீடியோக்காரர் கலியாணத்துக்கு அலங்காரமாக வந்து போகிறவர் அல்லர். வர முடியாத மாமாவுக்கும் பெரியம்மாவுக்கும் அவர்தான் கண்ணும் காதும்.

இந்த வேலையையும் சனலையும் எப்படி ஒன்றுக்கொன்று உதவ வைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சனல் தரும் காசு எப்போது வரும்?

முதலில் ஒரு மயக்கம் தெளிய வேண்டும். யூரியூப்பில் விளம்பர வருமானத்தில் பங்கு பெற ஒரு சனலுக்கு 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். அத்தோடு கடந்த 12 மாதங்களில் அதன் பொது வீடியோக்களை மக்கள் 4,000 மணித்தியாலம் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 90 நாட்களில் ஷோர்ட்ஸ் வீடியோக்களுக்கு ஒரு கோடிப் பார்வைகள் கிடைத்திருக்க வேண்டும். 4,000 மணித்தியாலம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்த்தால் 60,000 பார்வைகள் தேவை. அதைத் தாண்டிய பிறகும், கணக்கில் 100 அமெரிக்க டொலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதற்கு ஒரு வருடமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். அதுவரை பற்றரியும் மெமரி காட்டும் யார் வாங்கித் தருவது?

இந்த இடத்தில்தான் கலியாண வீடு வந்து கைகொடுக்கிறது. ஆனால் பலர் கவனிக்காத ஒரு விதியும் இங்கே இருக்கிறது. மேலே சொன்ன 4,000 மணித்தியாலக் கணக்கில் பொதுவில் இருக்கும் வீடியோக்கள் மட்டுமே சேரும். ஒரு குடும்பத்துக்காக Unlisted என்று வைத்து இணைப்பை மட்டும் அனுப்பும் கலியாண நேரலையை இருநூறு உறவினர்கள் மூன்று மணித்தியாலம் பார்த்தாலும், சனலின் கணக்கில் ஒரு நிமிடமும் ஏறாது. அதனால் ஏற்படும் ஆசை ஆபத்தானது: "பொதுவில் போட்டுவிட்டால் என்ன?" அந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம். இப்போதைக்கு ஒன்றை மனதில் வைப்போம். கலியாண வீடு சனலுக்குத் தரக்கூடியது காசும் பயிற்சியும்தான். சனலில் போடுவதற்கான சரக்கை அங்கே தேடக்கூடாது.

கடல் தாண்டிய கணக்கு

நல்லூரில் ஒரு கலியாணத்தை எடுப்பதும் நெடுந்தீவில் எடுப்பதும் ஒரே வேலை என்று நினைத்து ஒரே விலை சொல்கிறவர் முதல் வேலையிலேயே கைக்காசைப் போடுவார். கணக்குக்காக ஒரு இலட்சம் ரூபாவுக்குப் பேசிய வேலை என்று வைத்துக்கொள்வோம்.

முகூர்த்தம் காலை ஒன்பது மணி. அன்று காலைப் படகை நம்பிப் போக முடியாது. காற்று மாறினால், படகு பழுதானால், எல்லாம் போச்சு. முதல்நாளே போய்த் தங்க வேண்டும். கலியாணம் முடிந்து, மத்தியானச் சாப்பாடும் ஆசீர்வாதப் படங்களும் முடிய, திரும்பும் படகு போயிருக்கும். ஆக, ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள். அதன்பிறகு வெட்டி ஒட்டி, நிறம் திருத்தி, முழு வீடியோவும் ஐந்து நிமிடச் சுருக்கமும் கொடுக்க ஐந்து நாளாவது இருந்து வேலை செய்ய வேண்டும். மொத்தம் எட்டு நாள்.

இரண்டாவது கமெரா பிடிக்க வரும் தம்பிக்கு 20,000. பஸ், படகு, அங்கே முச்சக்கரவண்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 10,000. வாடகை லென்ஸுக்கும் லைற்றுக்கும் 10,000. உப்புக் காற்றில் தேயும் சாமான்களின் பழுதுக்கென்று ஒதுக்க 10,000. மிச்சம் 50,000. எட்டு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 6,250. இந்த ஐம்பதாயிரத்தில் பதினையாயிரத்தை வேறொரு கணக்கில் போட்டு, அது சனலின் காசு என்று தொடாமல் வைத்தால், ஐந்தாறு வேலைகளில் ஒரு நல்ல மைக் தொகுதியும் ஒலிப்பதிவுக் கருவியும் வாங்கலாம். புது கமெரா உடல் வாங்க அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வரிசையைத்தான் சொல்ல வேண்டும்: முதலில் ஒலி, பிறகு லைற், அதன் பிறகுதான் கமெரா. காரணத்தைக் கீழே பார்ப்போம்.

பழுதுக்கு ஒதுக்கும் பத்தாயிரத்தை வீண் என்று நினைப்பவர்கள் உண்டு. கடலில் போய்வந்த அன்று இரவே லென்ஸின் முன்கண்ணாடியையும் ரைபொட்டின் திருகுகளையும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து வைக்காவிட்டால், சில வாரங்களில் திருகு இறுகும், பற்றரித் தொடுமுனையில் பச்சைப் படிவு வரும். கமெரா நடுவில் தானாக நின்றுபோவதற்கு அந்தப் படிவு போதும்.

மின்சாரமும் கணக்கில் சேர வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் பெருநிலத்து மின் வலையமைப்போடு இணைப்பு இல்லை. டீசல் மின்பிறப்பாக்கிகள்தான் நீண்டகாலம் வெளிச்சம் தந்து வந்தன. இந்த மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின் திட்டம் ஒன்றுக்கு இந்திய உதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. எது எப்படி இருந்தாலும், வீடியோக்காரர் தன் பற்றரிகளை யாழ்ப்பாணத்திலேயே நிரப்பிக்கொண்டு போக வேண்டும். கலியாண வீட்டுப் பிளக்கில் ஐஸ் பெட்டியும் சவுண்ட் பெட்டியும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும். வோல்ற்றேஜ் ஏறி இறங்கினால் போவது உங்கள் சார்ஜர்.

மணவறைக்கு முன்னால்

சனல் நடத்த விரும்புகிறவருக்குக் கலியாண வீட்டைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை என்று சொல்வதற்கு ஒரே காரணம், அங்கே எதையும் திரும்பச் செய்யச் சொல்ல முடியாது. அதனால் நடக்கப் போவதை முன்கூட்டியே அறிந்து நிற்கப் பழகுகிறோம்.

யாழ்ப்பாணத்துச் சைவக் கலியாணத்தின் ஒழுங்கு வீடியோக்காரருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை வருவார், தோழன் கால் கழுவுவார், மணவறையில் பிள்ளையார் பூசை, காப்புக் கட்டு, பிறகு பெண் வருவார். கன்னிகாதானம் நடக்கும். தாலியும் கூறையும் தட்டத்தில் சபைக்குப் போய்ப் பெரியவர்களின் ஆசி பெற்று வரும். கூறையை வாங்கிக்கொண்டு பெண் உள்ளே போவார். கூறை உடுத்து அவர் திரும்பி வரும் வரைக்கும் ஒரு இடைவெளி.

அந்த இடைவெளிதான் வீடியோக்காரரின் மூச்சு. காலையிலிருந்து ஓடிய பற்றரியில் பாதி இருந்தாலும் அதைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டும். மெமரி காட்டில் இடம் இருந்தாலும் மாற்ற வேண்டும். அடுத்து, குருக்களிடம் போய் ஒரு கேள்வி: "ஐயா, தாலி கட்டேக்க மாப்பிள்ளை எந்தப் பக்கம் எழும்பி நிப்பார்?" அவர் கை காட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முதல் கமெரா. ஏனென்றால் தாலி கட்டும்போது மாப்பிள்ளை எழுந்து நிற்பார். அதுவரை உட்கார்ந்திருந்த உயரத்துக்கு வைத்த கமெராவில் அவருடைய தலைப்பாகை வெட்டுப்பட்டு, முதுகு மட்டும் தெரியும். கெட்டிமேளம் தொடங்கியதும் சபையும் எழும்பும், ஐம்பது கைகள் போனோடு உயரும். ஆகவே இரண்டாவது கமெரா சபைக்குப் பின்னால், கதிரையில் ஏறி நிற்கும் உயரத்தில், முழு மணவறையும் அகப்படும்படி ரைபொட்டில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் கமெரா தவறினாலும் அது தவறாது. அந்த அரை நிமிடத்தை யாரும் திரும்ப நடத்தப் போவதில்லை.

ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் கத்தோலிக்கக் கலியாணங்களும் நிறைய. அங்கே ஒழுங்கு வேறு. பீடத்துக்கு எவ்வளவு கிட்டப் போகலாம், திருப்பலி வேளையில் நடமாடலாமா என்பதைச் சுவாமியிடம் முதல்நாளே கேட்டுவிட வேண்டும்.

வெளிச்சத்தில் ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேட்ஸ். கமெராவோ போனோ செக்கனுக்கு 30 படம், ஷட்டர் 1/60 என்று இருந்தால், மணவறையைச் சுற்றிய எல்ஈடி விளக்குகளில் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் ஓடும். எடுக்கும்போது சின்னத் திரையில் அது தெரியாது. வீட்டில் கணினியில் போட்டபின்தான் தெரியும், அப்போது திருத்த வழியில்லை. செக்கனுக்கு 25 அல்லது 50 படம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் அநேகமாகத் தீரும். மலிவான சில விளக்குகள் அப்போதும் மினுங்கும். ஆகவே சடங்கு தொடங்க முன்பு ஒவ்வொரு அலங்கார விளக்கையும் பத்துச் செக்கன் எடுத்து, பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கோடு ஓடினால் ஷட்டரை மாற்றிப் பார்ப்பது, அதுவும் சரிவராவிட்டால் அந்த விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்பது.

தவிலை எப்படிப் பதிவது?

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள். சத்தம் வெடித்தாலோ கேட்காவிட்டாலோ உடனே மூடிவிடுவார்கள். கலியாண வீட்டிலும் அப்படித்தான், சனலிலும் அப்படித்தான். கலியாண வீட்டின் ஒலிதான் எல்லாவற்றிலும் கடினமானது. ஐயர் மெல்லிய குரலில் மந்திரம் சொல்வார், பக்கத்தில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்.

கமெராவின் ஒலி அளவைத் தானியங்கியாக விட்டால் என்ன நடக்கும்? மந்திரம் சொல்லும்போது கமெரா "சத்தம் குறைவு" என்று தானே அளவைக் கூட்டும். திடீரென்று கெட்டிமேளம் தொடங்கும்போது அந்தக் கூட்டிய அளவிலேயே தவில் வந்து அறைய, முதல் சில செக்கன் கிழிந்த சத்தமாகிவிடும். மேளம் நின்றதும் அளவு மீண்டும் ஏறி, மின்விசிறியும் ஜெனறேற்றரும் இரைச்சலாகக் கேட்கும். தாலி கட்டும் கணத்தின் ஒலி கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, ஒலி அளவைக் கையால் வைப்பது. மேளக்காரர் வந்து சுருதி சேர்க்கும்போது, "அண்ணை, ஒருக்கா கெட்டிமேளம் அடிச்சுக் காட்டுங்கோ" என்று கேட்டு, உச்சச் சத்தம் அளவுகோலில் -12 டெசிபெலைத் தாண்டாதபடி குறைத்து வைக்க வேண்டும். சடங்கில் அவர் இன்னும் பலமாக அடிப்பார். அதற்கு இடம் இருக்கும். இரண்டாவது, மந்திரத்துக்குத் தனி மைக். சிறிய சட்டை மைக்கை மாப்பிள்ளையின் சால்வை மடிப்புக்குள் வைத்தால் ஐயர் சொல்வதும் மாப்பிள்ளை திருப்பிச் சொல்வதும் விழும். ஒரே ஒலியை இரண்டு தடத்தில், ஒன்றை மற்றதைவிட 12 டெசிபெல் குறைவாகப் பதியும் வசதி பல ஒலிப்பதிவுக் கருவிகளில் இருக்கிறது. மேல் தடம் கிழிந்தால் கீழ்த் தடம் காப்பாற்றும்.

கெட்டிமேளத்தையும் மந்திரத்தையும் ஒரே வேலையில் சுத்தமாகப் பதியக் கற்றவருக்கு, காற்று வீசும் கரையில் நின்று பேசும் கடற்றொழிலாளியின் குரலைப் பதிவது பெரிய காரியமே இல்லை. சனலுக்குக் கலியாண வீடு தரும் மிகப் பெரிய பயிற்சி இதுதான். முதலில் ஒலிக்குக் காசு செலவழியுங்கள் என்று சொன்னதும் இதற்காகத்தான்.

ரொறன்ரோவில் இரவு பதினொன்றரை

நெடுந்தீவில் காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம் என்றால், கோடைகாலத்தில் சூரிச்சில் விடிய ஐந்தரை, ரொறன்ரோவில் முதல்நாள் இரவு பதினொன்றரை. அங்கே சோபாவில் அம்மம்மாவோடு மொத்தக் குடும்பமும் விழித்திருக்கும். "தம்பி, லைவ் போகுதோ?" என்று கலியாண வீட்டுக்காரர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது இதனால்தான்.

நேரலையில் விழும் முதல் அடி வலையமைப்பால். முதல்நாள் மாலை வெறும் வளவில் நின்று வேகம் சோதித்து, மேலேற்றும் வேகம் 6 மெகாபிற் இருக்கிறது என்று நம்பினால், மறுநாள் முந்நூறு பேர் அதே கோபுரத்தில் போனோடு நிற்கும்போது அது பாதியாகிவிடும். ஆகவே அளந்ததில் பாதியை மட்டுமே நம்பி, அதற்கேற்ப 720p தரத்தில், ஏறத்தாழ 3 மெகாபிற்றில் அனுப்புவது நல்லது. ஒரு மணித்தியாலத்துக்கு 1.35 ஜிகாபைற் போகும். மூன்று மணித்தியாலச் சடங்குக்கு நான்கு ஜிகாபைற்றுக்குச் சற்று மேல். இரண்டு நிறுவனங்களின் சிம் கையில் வேண்டும். தெளிவான 1080p படம் திக்கித் திக்கிப் போவதைவிட, சற்று மங்கலான படம் இடைவிடாமல் போவதைத்தான் அம்மம்மா விரும்புவார். நல்ல தரப் பதிவு எப்படியும் கமெராவின் காட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது அடி சினிமாப் பாட்டு. சடங்கு தொடங்க முன் சவுண்ட்காரர் படப் பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருப்பார். யூரியூப் நேரலையிலும் பதிப்புரிமைப் பாட்டைத் தானே இனங்காணும். முதலில் எச்சரிக்கும், பாட்டு தொடர்ந்தால் நேரலைக்குப் பதிலாக வெறும் படம் ஒன்றைக் காட்டும், அல்லது நேரலையையே நிறுத்திவிடும். தாலி கட்டும் நேரத்தில் அது நடந்தால் சமாதானம் சொல்ல முடியாது. நேரலை தொடங்கும் நேரத்தைச் சவுண்ட்காரரிடம் சொல்லி, அதிலிருந்து பாட்டை நிறுத்தச் சொல்ல வேண்டும். நாதஸ்வரத்தில் படப் பாட்டு வாசித்தாலும் மெட்டைக் கண்டுபிடித்து உரிமை கோரப்படலாம். கீர்த்தனை வாசிக்கக் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு. வெட்டி ஒட்டும்போதும் அன்று பதிந்த மேளத்தையே பின்னணியாக வையுங்கள். அந்த வீட்டுக் கலியாணத்துக்கு அதைவிடப் பொருத்தமான இசை கிடையாது.

இறுதியாகப் பிரதி. 1080p தரத்தில் செக்கனுக்கு 50 மெகாபிற் பதிவு என்றால் மணித்தியாலத்துக்கு 22.5 ஜிகாபைற். இரண்டு கமெராக்களிலும் சேர்த்து ஏழு மணித்தியாலம் ஓடினால் 157.5 ஜிகாபைற் வரும். அதை இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் ஏற்றிய பிறகுதான் படகு ஏற வேண்டும். ஒன்று உங்கள் பையில், மற்றது தம்பியின் பையில். காட்டுகளை வீடியோ கையளிக்கும் வரை அழிக்கக் கூடாது.

எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது

இனி முன்பு தள்ளிவைத்த கேள்வி. கலியாண வீட்டு வீடியோவைச் சனலில் பொதுவில் போட்டால் என்ன?

காசு கொடுத்தவர் குடும்பத்தார். அவர்கள் தங்கள் உறவுக்காக எடுப்பித்தார்கள், ஊருக்காக அல்ல. சபையில் இருக்கும் நூற்றுக்கணக்கானோர் யாரும் யூரியூப்பில் வர ஒப்புக்கொண்டு வரவில்லை. ஆகவே முற்பணம் வாங்கும் அன்றே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: எந்த நாள், எத்தனை கமெரா, என்ன கையளிப்பது, எந்தத் தேதிக்குள், நேரலை இணைப்பு யாருக்கு. கடைசியில் தனியாக ஒரு வரி: "சுருக்க வீடியோவைச் சனலில் காட்டச் சம்மதம், சம்மதமில்லை." அவர்களே ஒன்றை வெட்டிக் கையொப்பமிடட்டும். அந்தத் தாள் இல்லாமல் ஒரு படமும் வெளியே போகக்கூடாது.

சாமத்திய வீட்டுக்கு இந்தத் தாளும் போதாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை அது. குளிப்பாட்டுவதும், அலங்கரிப்பதும், பெண்கள் சுற்றி நின்று ஆலாத்தி எடுப்பதும் அந்த வீட்டுக்குள் அன்பாக நடப்பவை. அதை முகமும் பெயரும் ஊரும் தெரியப் பொதுவில் போட்டுவிட்டால், அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் பல்கலைக்கழகம் போகும்போதும், இருபத்தைந்தில் வேலைக்குப் போகும்போதும் அது கூடவே வரும். கீழே அந்நியர்கள் எழுதும் கருத்துகளையும் அந்தப் பிள்ளைதான் வாசிக்கும். தாய் தகப்பன் சம்மதித்தாலும் மறுக்க வேண்டிய இடம் இது. பார்வைகள் குவியும் என்று தெரிந்தும் மறுக்கிறவரையே ஊர் அடுத்த வீட்டுக்கும் நம்பி அழைக்கும்.

அப்படியானால் சனலுக்கு என்ன எடுப்பது? கலியாணம் முடிந்த மறுநாள், படகு வரும் வரைக்கும் நெடுந்தீவில் உங்களுக்கு ஒரு காலைப்பொழுது இருக்கிறது. படகுக் காசு ஏற்கெனவே கொடுத்தாயிற்று, பற்றரியில் இரண்டு மிச்சம். பவளக் கற்களை எந்தச் சாந்தும் இல்லாமல் அடுக்கிக் கட்டிய மதில்கள் தெருத்தெருவாக நிற்கின்றன. அதில் ஒன்று இடிந்து, யாரோ ஒருவர் திருத்திக் கட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் நில்லுங்கள். அவரிடம் கேளுங்கள். சம்மதித்தால் சட்டை மைக்கைக் குத்துங்கள். தெருவும் மதிலும் தெரிய ஒரு தூரக் காட்சி. கல்லைத் தூக்கிப் பொருத்தும் கை. கல் அசையாமல் இருக்கச் செருகும் சிறு துண்டு. பொருந்தியதும் அவர் தட்டிப் பார்க்கும் சத்தம். அடுத்து எந்தக் கல் வரும் என்று முன்கூட்டியே கவனித்துக் கமெராவைத் திருப்பி வைப்பது, கூறை மாற்றும் இடைவெளியில் நீங்கள் கற்றதுதான். ஆறு நிமிட வீடியோவுக்கு இவ்வளவு போதும். அந்த மதிலுக்குள் பிறந்து இன்று பாரிஸில் இருக்கிறவர் அதைக் கடைசி வரை பார்ப்பார். விளம்பரக் கணக்கில் வெளிநாட்டுப் பார்வைக்கு உள்ளூர்ப் பார்வையைவிடப் பெறுமதி கூட என்பதும் உண்மை.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனி மாதத் திருவிழாவும் நல்ல களம். கோயில் பரிபாலனத்தின் அனுமதியோடு எடுத்தால், சன நெரிசலில் இடம் பிடிக்கவும் மேளத்தைப் பதியவும் பழகலாம். ஆனால் ட்ரோனைப் பற்றி எச்சரிக்கை. அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளின்படி பதிவும் அனுமதியும் வேண்டும். தீவகத்தில் கடற்படை முகாம்களும் அங்கங்கே இருக்கின்றன. "எல்லாரும் விடுகினம்தானே" என்று பறக்கவிட்டால், ட்ரோனும் போகும், அழைத்த குடும்பத்துக்கும் தலையிடி வரும். சோளகத்தில் கடலுக்கு மேல் விட்ட சிறிய ட்ரோன் எதிர்க்காற்றில் திரும்ப முடியாமல் பற்றரி இறங்கி விழுவதும் உண்டு.

வீட்டுக்காரருக்கு ஒரு சொல்

கடைசியாக, கலியாணம் வைத்திருக்கும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத்து விலையையே தீவுக்கும் கேட்டு இழுபறிப்படாதீர்கள். மூன்று நாள் உங்கள் ஊரில் நிற்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். பாதிக் காசை முற்பணமாகக் கொடுங்கள். பந்தல் போடும்போதே இரண்டாவது கமெராவுக்கு ஒரு மேடை வைக்கச் சொல்லுங்கள். பந்தி முடிவதற்குள் அவருக்கும் தம்பிக்கும் சாப்பாடு வையுங்கள். அவர் சம்மதத் தாளை நீட்டினால் அவசரத்தில் கையொப்பமிடாமல் வாசித்துப் பாருங்கள். தாளே இல்லாமல் வருகிறவரிடம் உங்கள் பிள்ளையின் சாமத்திய வீட்டை ஒப்படைக்காதீர்கள்.